ஏழு ஸ்லைடு போதும்

கம்பெனி போர்டு மீட்டிங்கில் அடுத்த ஆண்டு பட்ஜெட் வைப்பதற்கென்று ஒரு வழக்கம் உருவாகியிருக்கிறது. முதல் பத்து ஸ்லைடுகளில் உலகப் பொருளாதாரம், நாட்டின் வளர்ச்சி, கம்பெனியின் வரலாறு எல்லாம் வரும். பிறகு இருபது ஸ்லைடுகளில் பொடி எழுத்தில் எண்கள். கடைசியில், டைரக்டர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும் நேரத்தில், "வங்கிக் கடனை உயர்த்த அனுமதி வேண்டும்" என்ற வரி வரும். எல்லோரும் தலையாட்டுவார்கள். இந்த வரிசையே தவறு என்பது என் கட்சி. என் கணக்கில் ஏழு ஸ்லைடு போதும். அதில் ஐந்தாவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது.

நூற்பாலைக் கணக்கிலேயே என் காலம் கழிந்தது. அதனால் ஒரு நூற்பாலையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். எண்களைக் கணக்கு எளிதாக இருக்கும்படி வைத்திருக்கிறேன். இருபத்தைந்தாயிரம் ஸ்பிண்டில் கொண்ட ஒரு மில். ஆண்டுக்கு 30 லட்சம் கிலோ நூல். அதற்கு வேண்டிய பஞ்சு சுமார் 10,000 கண்டி. ஒரு கண்டி என்பது ஏறத்தாழ 356 கிலோ என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் ஸ்லைடில் போர்டிடம் என்ன கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். "பட்ஜெட்டுக்கு ஒப்புதல், 4 கோடி ரூபாயில் புது இயந்திரம், வங்கி லிமிட்டை உயர்த்த அனுமதி." மூன்றே வரிகள். என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் அதற்குப் பின் வரும் எண்களை எந்தக் கண்ணோடு பார்ப்பது என்று டைரக்டர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, நடப்பு ஆண்டு. போன வருடம் இதே அறையில் என்ன சொன்னோம், என்ன நடந்தது, வித்தியாசம் ஏன். பலர் இதை ஒளித்துவிடுகிறார்கள். போன பட்ஜெட் எங்கே பொய்த்தது என்று சொல்லாதவரின் அடுத்த பட்ஜெட்டை எதை வைத்து நம்புவது?

மூன்றாவது, அனுமானங்கள். பஞ்சு கண்டிக்கு 55,000 ரூபாய், நூல் கிலோவுக்கு 260 ரூபாய், உற்பத்தி 30 லட்சம் கிலோ. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் போட வேண்டும். உற்பத்தியைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. 30 லட்சம் கிலோவை 350 நாளால் வகுத்து, அதை ஸ்பிண்டில் எண்ணிக்கையாலும், பிறகு நாளின் மூன்று ஷிப்டாலும் வகுத்தால், ஒரு ஸ்பிண்டிலுக்கு ஒரு ஷிப்டில் சுமார் 114 கிராம் வருகிறது. மில்லின் லாக் புத்தகத்தில் இதே கவுண்ட்டுக்கு நல்ல மாதத்தில் எவ்வளவு எடுத்தோம் என்று பார்த்தால் போதும். லாக் புத்தகம் 105 என்று சொல்லும்போது பட்ஜெட் 114 என்று சொன்னால், அந்த 9 கிராம் எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டும். "போன வருடத்துக்கு மேல் பத்து சதவீதம்" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்ட பட்ஜெட்டுகள் இந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்ளும்.

நான்காவது, லாப நஷ்டம். நூல் விற்பனை 78 கோடி, கழிவுப் பஞ்சு விற்பனை 3 கோடி, ஆக வரவு 81 கோடி. செலவில் பஞ்சு 55, மின்சாரம் 11, சம்பளம் 6, வட்டி, தேய்மானம், மற்றவை 6. மொத்தம் 78. லாபம் 3 கோடி. பெரும்பாலான பட்ஜெட்டுகள் இந்த இடத்தில் கைதட்டலோடு முடிந்துவிடுகின்றன. மில்லைத் தவிக்க விடுகிற சமாசாரம் இதற்கு அடுத்த ஸ்லைடில்தான் இருக்கிறது.

ஐந்தாவது, மாதாமாதம் எவ்வளவு பணம் முடங்கும் என்ற கணக்கு. புதுப் பஞ்சு வரத்து அக்டோபரில் தொடங்கும். நல்ல பஞ்சு மார்க்கெட்டில் இருக்கும்போதே வாங்கிக் கிடங்கில் அடுக்குவது மில்காரர் வழக்கம். மார்ச் முடிவில் நான்கு மாதப் பஞ்சு இருப்பு வைத்தால் அதுவே 18 கோடிக்கு மேல். நூல் வாங்கியவர்களிடம் ஒரு மாத பாக்கி ஆறரைக் கோடி. கிடங்கில் நிற்கும் நூல் 2 கோடி. ஆக மார்ச் மாதத்தில் 27 கோடி முடங்கி நிற்கிறது. இதே மில்லுக்குச் செப்டம்பரில் ஒரு மாதப் பஞ்சுதான் இருக்கும் என்பதால் 13 கோடி போதும். பன்னிரண்டு மாதத்தையும் ஒரு கோடாக வரைந்தால் அது செப்டம்பரில் பள்ளத்தில் கிடந்து, மார்ச்சில் மலையேறும்.

இப்போது அதே படத்தில் இன்னொரு கோடு போட வேண்டும். வங்கி லிமிட் 20 கோடி, சொந்தப் பணம் 5 கோடி, ஆக 25 கோடி. ஆண்டு லாபம் வரிக்கும் பழைய கடன் தவணைக்கும் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது இயந்திரத்துக்கு நம் பங்கு 1 கோடி. அப்படியானால் மார்ச்சில் தேவை 28, கையில் இருப்பது 25. மூன்று கோடி லாபம் காட்டுகிற பட்ஜெட்டிலேயே மூன்று கோடி பற்றாக்குறை உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுக் கணக்கில் இது கண்ணுக்கே தெரியாது. பஞ்சு வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பி வரும்போதுதான் தெரியும். அடுத்து சம்பளத் தேதி தள்ளிப்போகும். அதன் வலி போர்டு அறைக்குள் இருப்பவர்களுக்கு அல்ல.

முன்கூட்டியே தெரிந்தால் வழி இருக்கிறது. நான்கு மாத இருப்பை மூன்றாகக் குறைத்தால் நாலரைக் கோடி விடுபடும். ஆனால் ஆகஸ்டில் மார்க்கெட் சொல்கிற விலைக்கு வாங்க வேண்டிவரும். அல்லது லிமிட்டை 3 கோடி உயர்த்தலாம். வங்கி எடுத்துக்கொள்ளும் நாட்களை நினைத்தால் சீசனுக்கு வெகு முன்னாலேயே மனுப் போட வேண்டும். இயந்திரத்தை மட்டும் தள்ளிவைத்தால் 1 கோடிதான் மிச்சம், பள்ளம் மூடாது. போர்டு முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

ஆறாவது, அனுமானம் தவறினால் என்ன ஆகும் என்பது. பத்தாயிரம் கண்டி வாங்குகிற மில்லுக்குக் கண்டிக்கு ஆயிரம் ரூபாய் ஏறினால் செலவு ஒரு கோடி ஏறும். மூவாயிரம் ஏறி, நூல் விலை ஏறாவிட்டால் லாபம் முழுவதும் போயிற்று. ஆயிரம் ரூபாய் ஏற்றத்தை ஈடுகட்ட நூலுக்குக் கிலோவுக்கு மூன்றரை ரூபாயாவது கூட்டி விற்க வேண்டும். 2022 மே மாதத்தில் கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் மூவாயிரத்தைப் பெரிய ஏற்றம் என்று சொல்லமாட்டார்கள். விலை ஏறினால் ஐந்தாவது ஸ்லைடின் மலையும் சேர்ந்து உயரும் என்பதையும் இங்கேயே காட்ட வேண்டும்.

ஏழாவது, தீர்மானங்களின் வாசகம். கடன் வாங்குவதைப் போர்டு கூட்டத்தில் தீர்மானம் போட்டே செய்ய வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் 179ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும் என்பது 173ஆம் பிரிவு. அந்த நோட்டீஸோடு இந்த ஏழு பக்கங்களையும் அனுப்பிவிட்டால், கூட்டத்தில் படித்துக் காட்டுகிற நேரம் மிச்சமாகிக் கேள்வி கேட்கிற நேரம் கிடைக்கும்.

"டைரக்டர்கள் பெரிய மனிதர்கள், அவர்களைப் பஞ்சுக் கணக்கில் இறக்கலாமா?" என்று சில எம்.டி.க்கள் கேட்பார்கள். கையெழுத்து அவர்களுடையது என்றால் கணக்கும் அவர்களுடையதுதான். இதை வாசிக்கிறவர்களில் சிலர் உறவுக்காரர் கம்பெனியில் பெயருக்கு டைரக்டராக இருப்பீர்கள். இந்த மார்ச்சில் பட்ஜெட் வைக்கும்போது, "எந்த மாதத்தில் பணம் அதிகம் வேண்டும், அந்த மாதம் கையில் எவ்வளவு இருக்கும்?" என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் கையெழுத்துப் போடலாம். "சி.ஏ.வைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று வந்தால், அது வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.