‘டியர் அப்துல்’ என்று எழுதியவர்மீது குற்றமில்லை



நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் மேற்படிப்புக்காக இங்கிலாந்தில் ஒரு கல்வி நிறுவனத்திற்கு விண்ணப்பித்திருந்தார். அவரை அப்துல் ரஹ்மான் என்றும், மறைந்துவிட்ட அவருடைய தந்தையை ஷாகுல் ஹமீது என்றும் இங்கே குறிப்பிடுவோம். உண்மைப் பெயர்கள் வேறு. அவர் அனுப்பிய முதல் மின்னஞ்சலின் அடியில் ஊர் வழக்கப்படி `S. Abdul Rahman` என்று இருந்தது. ‘டியர் எஸ்’ என்று பதில் வந்தது. எஸ்ஸை நீக்கிவிட்டு இரண்டாவது மின்னஞ்சலை அனுப்பினார். ஒருவர் ‘டியர் அப்துல்’ என்றும் மற்றொருவர் ‘மிஸ்டர் ரஹ்மான்’ என்றும் எழுதினர். நண்பர் ஒருவரின் யோசனைப்படி மூன்றாவது மின்னஞ்சலில் `Rahman Shahul Hameed` என்று கையொப்பமிட்டு, சான்றிதழ்களையும் இணைத்தார். அவர்கள் அதனை வேறொருவருடைய கடிதமாகக் கருதி, புதிய கோப்பில் போட்டுவிட்டனர். பழைய கோப்பிலிருந்தோ ‘சான்றிதழ்கள் வந்து சேரவில்லை’ என்று நினைவூட்டல் வந்தது. இரண்டு கோப்புகளும் ஒருவருடையவையே என்று விளக்கி முடிக்க மூன்று வாரங்கள் ஆயின.

கைப்பேசியை நம்மிடம் நீட்டியபடி அவர் சொன்னார்: “ஹஸ்ரத், ‘மிஸ்டர் ஹமீது’ன்னு இருந்ததைப் பார்த்ததும் வாப்பா வந்து பதில் சொல்லணும் போல இருந்துச்சு.”

இதைக் கேட்ட நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசினர். ஒரு சாரார், “பெயரில் என்ன இருக்கிறது, காரியம் நடந்தால் போதும்” என்றனர். மறு சாரார், “நம் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களுக்கு நாம் ஏன் விளக்க வேண்டும்?” என்று சீறினர். இவ்விரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதலில் இரண்டாவது சாராருக்குச் சொல்கிறோம். ‘டியர் அப்துல்’ என்று எழுதியவர்மீது குற்றமில்லை. ஒரு பெயரின் முதற்சொல் அந்த மனிதருக்குரியது, கடைசிச் சொல் அவருடைய குடும்பத்திற்குரியது என்பது அவர் வளர்ந்த நாட்டின் வழக்கம். நெருக்கமாக எழுதும்போது முதற்சொல்லாலும், மரியாதையாக எழுதும்போது ‘மிஸ்டர்’ சேர்த்துக் கடைசிச் சொல்லாலும் அவர் அழைக்கிறார். நமக்கோ குடும்பப் பெயர் என்பதே பெரும்பாலும் கிடையாது. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து தந்தையைக் குறிக்கிறது. கடற்கரை ஊர்களில் பாட்டனாரும் வீட்டுப் பெயரும் சேர்ந்து மூன்று நான்கு எழுத்துகளாவதும் உண்டு. மறைந்த குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் ‘ஜே’ அவருடைய தந்தையார் ஜைனுலாப்தீனைக் குறிப்பது. ‘கலாம்’ அவருடைய குடும்பப் பெயர் அன்று. ஆயினும் ஆங்கில ஏடுகள் அவரை ‘டாக்டர் கலாம்’ என்றே எழுதின. நாம் சொல்லாததை அயலார் எப்படி அறிவார்?

இனி, பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்குச் சொல்கிறோம். ‘அப்து’ என்றால் அடியான். அதனோடு ஒட்டிய ‘அல்’ அடுத்த சொல்லுக்குரியது. எனவே ‘அப்துல்’ என்று நிறுத்துவது, யாருடைய அடியான் என்று சொல்லாமல் பாதியில் வாயை மூடிக்கொள்வதாகும். மற்றப் பாதியோ இன்னும் கனமானது. கரீம், ரஹீம் போன்ற சொற்கள் மனிதரையும் வருணிக்கக்கூடும். ஆனால் ‘அர்ரஹ்மான்’ என்பது அல்லாஹ்வுக்கே உரிய திருநாமம் என்பது உலமாக்களின் கூற்று. அடியான் என்ற சொல்லை வெட்டியெறிந்துவிட்டு ‘மிஸ்டர் ரஹ்மான்’ என்று நம் பிள்ளை அழைக்கப்படுவதும், அதற்கு அவன் ‘யெஸ்’ என்று பதில் எழுதுவதும் நமக்குச் சிறு விஷயமா? அறியாமல் அழைத்தவருக்கு அதில் பாவமில்லை. அறிந்தும் அவருக்கு வழி காட்டாத நாம் என்ன சொல்லித் தப்பிப்போம்?

தந்தையின் பெயரும் அப்படியே. பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரோடு இணைத்து அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் பணிக்கிறது. இணைத்து அழைப்பது வேறு, தந்தையின் பெயராலேயே மகனை அழைப்பது வேறு. எழுத்தை நீக்கினால் தந்தை மறைந்துபோகிறார். தந்தையின் பெயரைக் கடைசியில் விரித்து, அது யாருடையது என்று சொல்லாமல் விட்டால் மகன் மறைந்துபோகிறான்.

அப்படியானால் எப்படி எழுதுவது? முதலில் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் ‘சர்நேம்’, ‘கிவன் நேம்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் தலைப்பெழுத்துகளை விரித்தெழுத வேண்டியிருப்பதால், நம்மவர் பலர் தந்தையின் பெயரைச் ‘சர்நேம்’ கட்டத்தில் எழுதியிருப்பர். உங்கள் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று ஐயம் இருந்தால், பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டிருக்கும் வரியைப் பாருங்கள். நம் மாணவரின் வரி இப்படித் தொடங்கும்:

```
P<INDSHAHUL<HAMEED<<ABDUL<RAHMAN
```

`IND` என்பது நாட்டின் குறியீடு. அதற்குப் பின், இரட்டைக் குறி வரும்வரை உள்ளவை ‘சர்நேம்’. இரட்டைக் குறிக்குப் பின் உள்ளவை சொந்தப் பெயர். ஒற்றைக் குறி வெறும் இடைவெளி. பெயர்ச் சொற்களையும் அவற்றின் எழுத்துக் கூட்டலையும் இங்கிருந்தே எடுங்கள். `Rahman` என்று இருப்பதை `Rahmaan` என்றோ `Rehman` என்றோ அழகுபடுத்த வேண்டா. மூன்றாவது மின்னஞ்சல் வேறு கோப்புக்குப் போனதற்குக் காரணம், அதிலிருந்த பெயர் முதல் இரண்டிலும் இல்லாத பெயராக இருந்ததுதான்.

அடுத்து, சொந்தப் பெயர் முழுவதையும் முன்னால் வைத்து, இரு சொற்களையும் சிறு கோட்டால் பிணையுங்கள். அந்தக் கோடு, இது பிரிக்கக்கூடாத ஒரே பெயர் என்பதை ஆங்கிலம் படிப்பவருக்கு உணர்த்திவிடும். இரண்டையும் சேர்த்து `Abdurrahman` என்று எழுதுவது அரபு ஒலிக்கு நெருக்கமானதே. ஆயினும் சான்றிதழில் அப்படி இல்லாதவர்களுக்கு அது வேறு பெயராகிவிடும். சிறு கோட்டுக்கு அந்தச் சிக்கல் குறைவு. கடவுச்சீட்டின் அடிவரியில் கோடும் இடைவெளியும் ஒரே குறியாகத்தான் அச்சாகின்றன. அதன் பின்னர் தந்தையின் பெயர். அடுத்த வரியில் விளக்கம்:

```
Abdul-Rahman Shahul Hameed
Given name: Abdul-Rahman. Father's name: Shahul Hameed.
Please address me as Abdul-Rahman.
```

இந்த மூன்று வரிகளில் அடியான் தன் இறைவனோடு இணைந்திருக்கிறான். மகன் தன் தந்தையோடு இணைந்திருக்கிறான். படிப்பவருக்கும் எப்படி அழைப்பது என்பது தெரிந்துவிடுகிறது. இதனை அகம்பாவம் என்று எண்ணிக் கூசுவோர் உளர். விருந்தினருக்கு வாசலைக் காட்டுவது அகம்பாவமாகுமா?

“மலேசியாவில் எழுதுவதுபோல் ‘பின்’ சேர்க்கலாமே” என்று சிலர் கேட்கின்றனர். மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு அது நன்றாகவே விளங்கும். ஆனால் அதை அறியாத நாடுகளில் ‘மிஸ்டர் பின்’ என்று பதில் வரக்கூடும். கடவுச்சீட்டில் அந்தச் சொல் இல்லாதவர்கள் கையொப்பத்தில் புதிதாகச் சேர்க்காதிருப்பதே நலம். `Mohamed` என்பதை `Md.` என்று சுருக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆங்கிலம் படிப்பவர் அதனை மருத்துவப் பட்டமாக எண்ணிக்கொள்ள இடமுண்டு. அதனினும் மேலாக, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரை இரண்டெழுத்தாகக் குறுக்க நமக்கு என்ன அவசரம்?

கையொப்பத்தை மட்டும் திருத்தினால் போதாது. அஞ்சலைத் திறக்கும் முன்பே படிப்பவர் காண்பது அனுப்புநர் பெயரைத்தான். அங்கே பழையபடி `S. Abdul Rahman` என்று இருந்தால், கீழே நீங்கள் எழுதியதை அவர் கவனிக்கும் முன்பே ‘டியர் எஸ்’ என்று தொடங்கிவிடுவார். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அமைப்புகளில் `Accounts and Import` என்ற பகுதிக்குச் சென்று, `Send mail as` என்பதற்கு எதிரேயுள்ள `edit info` வழியாக இதனை மாற்றலாம். இரண்டு இடங்களிலும் ஒரே பெயர் இருக்கட்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. விசா, சேர்க்கை, வங்கிப் படிவங்களில் கடவுச்சீட்டில் உள்ளபடியே கட்டங்களை நிரப்ப வேண்டும். அங்கே நம் விளக்கத்திற்கு இடமில்லை. அத்தகைய அலுவலகங்களின் கணினி ‘மிஸ்டர் ஷாகுல் ஹமீது’ என்றே கடிதம் அனுப்பும். அதனோடு சண்டையிட வேண்டா. ஆனால் கடிதத்தின் மறுபுறம் மனிதர் இருக்கும்போது அவரிடம் சொல்லலாம். சொல்லியது போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அடையாளம், அடுத்த பதிலின் முதல் வரியே. நம் மாணவர் கையொப்பத்தை மாற்றிய பிறகு வந்த பதில், ‘டியர் அப்துல்-ரஹ்மான்’ என்று தொடங்கியது.

நிறைவாக, நம் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு சொல். அவருடைய தங்கையை ஃபாத்திமா பீவி என்று கொள்வோம். ‘பீவி’ குடும்பப் பெயர் அன்று. ஆனால் கடைசியில் நிற்பதால் ‘மிஸ் பீவி’ ஆகிவிடுகிறது. அவரும் `Fathima-Beevi Shahul Hameed` என்று எழுதி விளக்கம் சேர்க்கலாம். நிக்காஹ் முடிந்த மறுநாளே தந்தையின் எழுத்தை அழித்துக் கணவரின் எழுத்தை எழுதச் சொல்கிறோமே, அந்த வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபிகளாரின் துணைவியான பின்னரும் அபூபக்ரின் மகள் என்றே அறியப்பட்டார்கள். மார்க்கம் கேட்காத மாற்றத்தை நாமே செய்துவிட்டு, சான்றிதழில் ஒரு பெயரும் கையொப்பத்தில் ஒரு பெயருமாக அப்பெண்ணை அலைக்கழிப்பது எந்த நியாயம்? அயலார் நம் பெயரைச் சிதைக்கிறார்கள் என்று குறைபடும் தந்தையர், தம் மகளின் பெயரில் தாம் செய்ததையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.