பேச்சிலருக்கு வீடு: தயங்கும் உரிமையாளரிடம் எதைச் சொல்வது?

"தனி ஆளா? யோசித்துச் சொல்கிறேன்." கிள்ளான் பள்ளத்தாக்கில் வாடகை வீடு தேடும் திருமணமாகாத இளைஞர்கள் பலருக்கு வாட்ஸ்அப்பில் வரும் பதில் இதுதான். பெரும்பாலும் அதற்குப் பிறகு பதிலே வராது. குடும்பமாக வருபவரிடம் கேட்காத கேள்விகளைத் தனி ஆளிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்ற வருத்தம் நியாயமானது. ஆனால், உரிமையாளரின் தயக்கத்துக்கு ஊர்ப்பேச்சு மட்டும் காரணம் இல்லை.

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அதுவரை வாடகை உறவு ஒப்பந்தத்தையும் சில பழைய சட்டங்களையும் நம்பியே ஓடுகிறது. வாடகை தராதவரை உரிமையாளர் பூட்டை மாற்றி வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதற்கு மாதங்களும் வழக்கறிஞர் செலவும் ஆகும். வெளியே அனுப்புவது கடினம் என்பதால்தான் உள்ளே விடும்போதே பயப்படுகிறார்கள். குடியிருக்கப் போகிறவர் அனுப்பும் செய்தி இந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "நான் நல்ல பையன், பிரச்சினை இருக்காது" என்பது எதற்கும் பதிலாகாது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். தெலுக் இந்தானைச் சேர்ந்த 27 வயது இளைஞர் ஷா ஆலாம் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு டெக்னீஷியன். கிள்ளானில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அடுக்குமாடி வீட்டுக்கு மாத வாடகை 1,000 வெள்ளி. முன்பு இருந்த இளைஞர்கள் மூன்று மாத மின்கட்டணத்தைக் கட்டாமல் போனதால் ஆசிரியை தயங்குகிறார். இளைஞர் முதலில் அனுப்பியது ஒரே வரி: "டீச்சர், மாதம் 4,300 சம்பளம், வாடகை கண்டிப்பாகக் கட்டிவிடுவேன்."

சிக்கல் இந்த 4,300இல்தான். அவருடைய அடிப்படைச் சம்பளம் 3,200. மீதி ஓவர்டைம். ஆசிரியை விவரம் தெரிந்தவர், இபிஎஃப் அறிக்கையைக் கேட்கிறார். 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்குத் தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்த வேண்டும். ஆக 3,200க்கு மாதம் 352ம் 416ம் சேர்த்து 768 வெள்ளி. ஓவர்டைமுக்கு இபிஎஃப் சந்தா கிடையாது. எனவே அறிக்கையிலிருந்து கணக்குப் போட்டால் சம்பளம் 3,200 என்றுதான் வரும், 4,300 என்று வராது. இளைஞர் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பொய் சொன்னவர் போல் ஆகிவிட்டார்.

இதே அறிக்கை அவருக்குச் சாதகமாகவும் அமையும். சம்பளச் சீட்டு ஒரு மாதத்தைத்தான் காட்டும். i-Akaun அறிக்கையோ எத்தனை மாதம் இடைவிடாமல் வேலையில் இருக்கிறார், முதலாளி ஒருவரேதானா என்பதையும் காட்டும். உரிமையாளர் தேடும் நிலையான வருமானம் அதுதான். ஓவர்டைம் ஆர்டர் குறைந்தால் நின்றுவிடும். அதை நம்பி வாடகை பேசினால் முதலில் இடிபடுவது வாடகைதான். பிடித்தம் போக அவர் கைக்கு வருவது 2,800 வெள்ளி அளவில். ஆயிரம் வெள்ளி வாடகை அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுகிறது. இறுக்கம்தான், ஆனால் ஓவர்டைம் இல்லாமலே கட்ட முடியும்.

இதையெல்லாம் மனத்தில் வைத்து அவர் மீண்டும் எழுதினால் இப்படி இருக்கும்:

"வணக்கம் டீச்சர். நேற்று சம்பளத்தைச் சரியாக விளக்காமல் விட்டேன். அடிப்படைச் சம்பளம் 3,200. ஓவர்டைம் சில மாதம்தான் வரும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே கம்பெனியில் மூன்று வருடம். வீட்டைப் பார்க்க வரும்போது ஆறு மாத இபிஎஃப் அறிக்கையைக் காட்டுகிறேன். எனக்கு ஷிப்ட் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரவு ஷிப்ட், காலை எட்டு மணிக்கு வந்து தூங்குவேன். நான் ஒருவன்தான் இருப்பேன். தம்பி மாதம் ஒரு முறை வந்து இரண்டு நாள் தங்குவான். வேறு யாரையும் சேர்ப்பதாக இருந்தால் முதலில் உங்களைக் கேட்பேன். மின்சாரம், தண்ணீர் கட்டணம் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் கட்டி ரசீதை அனுப்பிவிடுகிறேன். ஓர் ஆண்டு ஒப்பந்தம் போடலாம், இருவருக்கும் சரிப்பட்டால் இன்னோர் ஆண்டு. கம்பெனி வேறு ஊருக்கு மாற்றினால் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்வேன்."

பழக்கவழக்கம் பற்றி இந்தச் செய்தியில் ஒரு பெருமையும் இல்லை. குடிக்க மாட்டேன், கோயிலுக்குப் போவேன் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதைச் சரிபார்க்க வழியில்லை. மாறாக, பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் சொல்லக்கூடியதை இவரே முன்னால் சொல்லிவிடுகிறார். ஒருவர் விடியற்காலையில் வருகிறார், பகலெல்லாம் கதவு மூடிக் கிடக்கிறது என்று ஆசிரியைக்குத் தகவல் போனால், காரணம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஒருவர் என்று சொல்லி ஐந்து பேர் குடியேறுவதுதான் உரிமையாளர்களின் பெரிய கவலை. தம்பி வருவதை மறைக்காமல் சொன்னதால் மற்ற வாக்குறுதிக்கும் எடை கூடுகிறது.

தங்கும் காலத்தில் தாராளம் காட்டுவது தவறு. ஐந்து வருடம் இருப்பேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஓராண்டு ஒப்பந்தம் செலவிலும் குறைவு. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு முத்திரை வரி விலக்கு இருந்தது, 2025 ஜனவரி முதல் அது இல்லை. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. 12,000 வெள்ளிக்கு 48 வெள்ளி ஆகிறது. ஓராண்டைத் தாண்டி மூன்று ஆண்டு வரை என்றால் 250க்கு 3 வெள்ளி, அதாவது 144. தொகை சிறிதுதான் என்று முத்திரையிடாமல் விட்டால், தகராறு வரும் நாளில் அந்தத் தாளை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. செலவை நானே ஏற்கிறேன் என்று இளைஞர் சொன்னால், 48 வெள்ளிக்கு அதைவிடப் பெரிய உறுதி வேறு கிடைக்காது. இரண்டு மாத அறிவிப்பையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். செய்தியில் மட்டும் இருந்தால், இடையில் போகும்போது வைப்புத்தொகை திரும்பாமல் போகலாம்.

வழக்கமான வைப்புத்தொகை இரண்டு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முன்பணம் ஒரு மாதம். இங்கே மொத்தம் 3,500 வெள்ளி. தயக்கத்தைப் போக்குகிறேன் என்று வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இந்தப் பணத்தையோ அடையாள அட்டை நகலையோ அனுப்பக் கூடாது. இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் பறிப்பவர்கள் முதலில் கேட்பதும் இவற்றைத்தான். செய்தியில் "காட்டுகிறேன்" என்று இருப்பது அதனால்தான். பின்னர் நகல் கொடுக்கும்போது எந்த வீட்டு வாடகைக்காக என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுப்பது நல்லது.

இவ்வளவு எழுதியும் சில கதவுகள் திறக்காது. "இந்தியர்கள் வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே போடுபவர்களும் இருக்கிறார்கள். தனியார் உரிமையாளர் இனம் பார்த்து மறுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டமும் இல்லை. அவர்களிடம் இபிஎஃப் அறிக்கையை நீட்டிக் கெஞ்சுவதால் பயனில்லை. இந்தச் செய்தி "யோசித்துச் சொல்கிறேன்" என்பவர்களுக்கானது. மூன்று மாத மின்கட்டணத்தை ஒருமுறை கைக்காசில் கட்டிய ஆசிரியை, இதைப் படித்தபின் கேட்கப்போகும் முதல் கேள்வி அநேகமாக ஏர்கான் பற்றியதாக இருக்கும். பகலில் தூங்குபவர் ஏர்கானைப் பகலெல்லாம் ஓட்டுவார், அரை மாத வைப்புத்தொகையான 500 வெள்ளி எத்தனை மாதக் கட்டணத்துக்குத் தாங்கும் என்று இருவரும் வீட்டைப் பார்க்கும் நாளிலேயே பேசிவிடலாம்.