பாட்டிலுக்கு 10 ரூபாய்: பிடுங்குற காசா, திரும்பி வர்ற காசா?



டாஸ்மாக் கடையில பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்குற விஷயத்துல நம்ம ஆட்களுக்குள்ளேயே ஒரு குழப்பம் ஓடிக்கிட்டு இருக்கு. "ஏற்கெனவே எம்.ஆர்.பி.க்கு மேல வாங்குறாங்கன்னு நாமதான் சத்தம் போட்டோம், இப்ப அதையே திட்டம்னு பேர் வச்சு வாங்குறாங்களா?" என்று ஒரு பக்கம். "பத்து ரூபாய்க்கு எவன் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு திரும்ப வருவான்?" என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பில்லில் இல்லாமல் கைநீட்டி வாங்குகிற பத்து ரூபாய் வேறு, அது முறைகேடு. காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கிற பத்து ரூபாய் வேறு, அது வைப்புத்தொகை. அந்தக் காலத்தில் சோடாக் கடையில் பாட்டிலைத் திருப்பித் தராமல் நகர விடுவார்களா? வீட்டுக்கு எடுத்துப் போகணும்னா பாட்டில் காசைக் கட்டிட்டுப் போ என்பார்கள். அதே சங்கதிதான் இது.

இந்தத் திட்டம் யாரோ ஒரு அதிகாரிக்குத் திடீரென்று தோன்றியதல்ல. நீலகிரியில் சுற்றுலா வருகிறவர்கள் காட்டோரம் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை வீசிவிட்டுப் போனார்கள். உடைந்த கண்ணாடி யானையின் காலில் ஏறியது. யானைக்குப் பாதத்தில் காயம் பட்டுச் சீழ் வைத்தால் அது நடக்க முடியாமல் போகும். நடக்க முடியாத யானைக்குத் தீனியும் தண்ணீரும் இல்லை. சென்னை உயர்நீதிமன்றம் இதைக் கையில் எடுத்து அழுத்தம் கொடுத்த பிறகுதான் 2022 மே மாதம் நீலகிரியில் இந்தப் பத்து ரூபாய் முறை வந்தது. பிறகு பெரம்பலூர், கோவை என்று மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் போனது. விற்ற பாட்டில்களில் 90 சதவீதத்துக்கும் மேல் திரும்பி வந்துவிட்டதாக டாஸ்மாக் தரப்பு சொல்கிறது. இந்த எண்ணை அப்படியே விழுங்கணுமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

இப்ப "பத்து ரூபாய்க்கு எவன் வருவான்" என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு ஒரு நல்ல ஆதாரம் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டியில் கிடைத்தது. அங்கே சில கடைகள் ரொம்ப நாளாகவே ஒரு சலுகை கொடுத்து வந்தன: நீங்களே பை கொண்டு வந்தால் 5 சென்ட் தள்ளுபடி. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2012 ஜனவரியில் அரசு அதே 5 சென்ட்டை வரியாகப் போட்டது: கடையில் பை வாங்கினால் 5 சென்ட் கட்டு. டாட்டியானா ஹோமொனாஃப் என்ற பொருளாதார ஆய்வாளர் கடை வாசலில் ஆள் நிறுத்தி எண்ணிப் பார்த்தார். வரிக்கு முன்னால் 82 சதவீதம் பேர் கடைப் பை எடுத்தார்கள். வரி வந்த பிறகு 40 சதவீதம் பேர்தான் எடுத்தார்கள். தள்ளுபடியாக இருந்தபோது ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை.

கவனியுங்க, தொகை ஒன்றுதான். கிடைக்கிற அஞ்சு காசை விட்டுவிடுவோம், கையை விட்டுப் போகிற அஞ்சு காசு மட்டும் உறுத்தும். நம்ம வீட்டில் அம்மாவிடம் கேட்டால் ஆய்வு இல்லாமலே இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அரசாங்கங்கள் இன்னும் "பை கொண்டு வந்தால் பரிசு" என்றே திட்டம் போட்டுக்கொண்டிருக்கின்றன.

பாட்டில் வைப்புத்தொகையில் இன்னொரு வலிமை இருக்கிறது. பைக்குக் காசு கட்டியாச்சு என்றால் கணக்கு அதோடு முடிந்தது. அந்தப் பையை வாய்க்காலில் போட்டாலும் நமக்கு நட்டமில்லை. பாட்டில் அப்படி இல்லை. குடித்தவன் வீசி எறிந்தாலும் அந்தப் பத்து ரூபாய் பாட்டிலோடுதான் கிடக்கிறது. வேறொருவர் பொறுக்கி எடுத்து வந்து கொடுத்தால் காசு அவருக்கு. ஜெர்மனியில் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை. கடைக்குத் திரும்பப் போகச் சோம்பல்படுகிறவர்கள் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் போவார்கள், பொறுக்குகிறவர் கையை உள்ளே விடாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஆக, எல்லாக் குடிகாரனும் திருந்தணும் என்று இந்தத் திட்டம் எதிர்பார்ப்பதில்லை. யாராவது ஒருத்தருக்கு அந்தப் பத்து ரூபாய் தேவைப்பட்டால் போதும்.

சரி, விலை வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இரண்டு நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அயர்லாந்து 2002 மார்ச்சில் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. கடைக்காரர் அதைத் தானே ஏற்றுக்கொள்ளக் கூடாது, வாடிக்கையாளரிடம்தான் வாங்கணும், பில்லில் தனி வரியாகத் தெரியணும் என்று விதி. ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 328 பை என்றிருந்தது 21 ஆக இறங்கியது. அதோடு விட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். விலைவாசி ஏற ஏற 15 சென்ட் மதிப்பிழந்தது. 2006-ல் எண்ணிக்கை மறுபடி 31 ஆனது. உடனே 2007-ல் 22 சென்ட்டாக உயர்த்தினார்கள், மறுபடி இறங்கியது.

தென்னாப்பிரிக்காவும் 2003-ல் பைக்கு 46 சென்ட் விலை வைத்தது, அவர்கள் ராண்ட் கணக்கில். ஆரம்பத்தில் பயன்பாடு சட்டென்று விழுந்தது. பை தயாரிப்பாளர்கள் தொழில் போச்சு, வேலை போச்சு என்று நெருக்க, விலையைக் குறைத்தார்கள். மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். பையும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஒரே கருவிதான். ஒரு அரசு விலையைக் காப்பாற்றியது, இன்னொரு அரசு கைவிட்டது.

நம்ம ஊர் கேரி பேக்குக்கு வருவோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. இன்றைக்குச் சாயங்காலம் காய்கறிக் கடைக்குப் போய்ப் பாருங்க, எத்தனை பேர் கையில் தொங்குதுன்னு. ஏன்? சட்டத்தில் தடை, கடையில் விலை பூஜ்யம். கடைக்காரர் கட்டுக்கட்டாக வாங்கி வைக்கிறார், ஒரு பைக்குச் சில பைசாவோ கொஞ்சம் கூடவோ ஆகும், அது அவர் தலையில். கொடுக்க மாட்டேன் என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சோதனைக்கு வருகிறவர்கள் அபராதம் போடுவதும் அவருக்குத்தான். பையை எடுத்துப் போகிற நமக்கு எந்த இடத்திலும் ஒரு காசு உறுத்தல் கிடையாது.

மத்திய அரசு மட்டும் ஒழுங்கா? 2011 விதிகளில் கேரி பேக்கை இலவசமாகத் தரக் கூடாது என்று எழுதினார்கள். 2016-ல் அதை மாற்றி, பை கொடுக்கிற கடைக்காரர் உள்ளாட்சியில் பதிவு செய்து ஆண்டுக்குக் குறைந்தது 48,000 ரூபாய் கட்டணும் என்றார்கள். மாதம் 4,000! பெட்டிக்கடைக்காரர் இதைக் கட்டுவாரா? 2018-ல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். வாங்குகிறவர் கண்ணில் படவேண்டிய விலையை விற்கிறவர் தலையில் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

மஞ்சப்பை நல்ல முயற்சி, மறுக்கவில்லை. பத்து ரூபாய் போட்டால் பை தருகிற எந்திரமும் வைத்தார்கள். ஆனால் பக்கத்துக் கடையில் கேரி பேக் சும்மா கிடைக்கும்போது பத்து ரூபாய் போட யார் வருவார்கள்? நம்ம யோசனை இதுதான்: உழவர் சந்தைகளில் துணிப்பையை வைப்புத்தொகை முறையில் கொடுத்துப் பாருங்கள். 20 ரூபாய் கொடுத்து எடுத்துப் போகட்டும், அடுத்த முறை எந்தச் சந்தையில் திருப்பிக் கொடுத்தாலும் 20 ரூபாய் கையில். மறந்து வருகிற அன்றைக்கும் அவருக்குப் பணம் முழுசாகப் போகாது. இரண்டு சந்தையில் ஆறு மாதம் நடத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்றையும் சொல்லிவிடணும்: கேரி பேக் நம்ம வீட்டில் குப்பைக் கவராகவும் உழைக்கிறது. கலிஃபோர்னியாவில் கடைப் பையைத் தடுத்த ஊர்களில் குப்பைப் பை விற்பனை ஏறியதை ஆய்வு காட்டியிருக்கிறது. அதையும் கணக்கில் கழித்துத்தான் லாபம் பார்க்கணும்.

மறுபடி பாட்டிலுக்கு. அந்த 90 சதவீதக் கணக்கில் நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. திட்டத்துக்கு முன்னாலும் பாரில் குடித்த காலி பாட்டிலை யாரும் காட்டில் வீசவில்லை. பார் எடுத்தவருக்குக் காலி பாட்டில் சேகரிக்கும் உரிமையும் டெண்டரிலேயே உண்டு, அவர் விற்றுவிடுவார். அப்படி எப்படியும் திரும்பியிருக்கக்கூடிய பாட்டிலையும் சேர்த்து எண்ணினால் சதவீதம் அழகாகத்தான் வரும். உண்மையான சோதனை காட்டோரத்திலும் வயல் வரப்பிலும் ஆற்றங்கரையிலும் இருக்கிறது. திட்டத்துக்கு முன் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பாட்டில், இப்போது எத்தனை? அதை எண்ணிச் சொல்லட்டும்.

இரண்டாவது, ஊழியர்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவதும், நாற்றமடிக்கிற காலி பாட்டிலை வாங்கி அடுக்குவதும், உடைந்தால் கையைக் கிழித்துக்கொள்வதும் விற்பனையாளர்தான். இடமும் இல்லை, ஆளும் இல்லை என்று சங்கங்கள் போராடியதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் சலித்துப்போய் "இன்னைக்கு வாங்கல, நாளைக்கு வா" என்று சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கே வைப்புத்தொகை வெறும் விலையேற்றமாக மாறிவிடும்.

மூன்றாவது, திரும்பி வராத பாட்டிலின் பணம். ஒரு கணக்குக்காக, ஒரு கடையில் நாளைக்கு 1,000 பாட்டில் விற்கிறது, 950 திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 50 பாட்டில், 500 ரூபாய். மாதம் 15,000 ரூபாய். மாநிலத்தில் சுமார் 4,800 கடை. எல்லாக் கடையும் இப்படி என்றால் மாதம் 7 கோடியே 20 லட்சம் ரூபாய். திரும்புகிற பாட்டில் குறையக் குறைய இந்தத் தொகை கூடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. திட்டம் தோற்றால் வசூலிப்பவருக்கு லாபம் என்ற ஏற்பாடு இருக்கவே கூடாது. அயர்லாந்தில் பை வரி தனி நிதிக்குப் போகிறது. இங்கேயும் அந்தப் பணம் தனிக் கணக்கில் போகணும். அதிலிருந்து பாட்டில் வாங்க ஒவ்வொரு கடைக்கும் தனி ஆள், கையுறை, வைக்க இடம் கொடுக்கணும்.

அரசிடம் நாம கேட்பது இதைத்தான். மாவட்டவாரியாக விற்ற பாட்டில் எத்தனை, திரும்பியது எத்தனை, மீதிப் பணம் எங்கே என்று மாதாமாதம் இணையத்தில் போடுங்கள். உங்க பகுதிக் கடையில் காலி பாட்டிலை வாங்க மறுத்தால் தேதி, கடை எண்ணோடு நம்ம ஒன்றிய, வட்டப் பொறுப்பாளர்களிடம் எழுதிக் கொடுங்கள். மாவட்ட மேலாளரிடம் மனுவாகப் போகும்.