கடைசிச் சுவரில் போன நேரம்

மாவட்ட நீச்சல் போட்டி முடிவுகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் "கையை வேகமாப் போடு!" என்று பெற்றோர் பக்கமிருந்து வந்த கூச்சல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. ஸ்டாப்வாட்சோடு கத்தும் அப்பாக்கள்மீது எனக்குள்ள கோபம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்தமுறை கத்தியவர் என் அத்தான்.

அக்கா மகளுக்கு 12 வயது. 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தினாள். கடைசி லேப்பில் கை ஓய்ந்துவிட்டது என்பது அத்தானின் தீர்ப்பு. கேலரியிலிருந்து நான் எடுத்த வீடியோ வேறு கதை சொல்கிறது.

முதல் லேப் டைவில் தொடங்குவதால் ஒப்பிட உதவாது. ஆகவே 2-ஆவதையும் 4-ஆவதையும் எடுத்துக்கொண்டேன். கால் சுவரை உதைத்து விலகியதிலிருந்து எதிர்ச்சுவரை எட்டும்வரை 2-ஆவதில் 18.3 விநாடி, 4-ஆவதில் 19.6. ஒரு கை நீரில் இறங்கினால் ஒரு ஸ்ட்ரோக் என்று எண்ணினால் முறையே 21, 25.

கை தளர்ந்ததா? வலது கை நீரில் படும் ஃப்ரேமில் நிறுத்தி, அதே கை மூன்று சுற்று முடித்து மறுபடி படும்வரை அளந்தேன். ஒரே சுற்றை அளந்தால் ஒரு ஃப்ரேம் தவறினாலும் கணக்கு ஆடிவிடும். இரண்டு லேப்பிலும் 4.1 விநாடிதான். கை துளியும் தளரவில்லை.

அப்படியானால் ஸ்ட்ரோக் ஏன் கூடியது? தண்ணீரைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று இங்கேதான் பலர் முடிவுகட்டிவிடுவார்கள். லேன் கயிற்றைப் பாருங்கள். சுவரிலிருந்து 5 மீட்டர்வரை அதன் நிறம் வேறு. 2-ஆவது லேப்பில் அந்த நிறத்தைத் தாண்டி, ஏறக்குறைய 7 மீட்டரில் தலை வெளியே வந்தது. 4-ஆவதில் நிறம் முடியும் முன்பே, 4 மீட்டரில். முன்னதில் 18 மீட்டரை 21 ஸ்ட்ரோக்கில் கடந்தாள். பின்னதில் 21 மீட்டரை 25-ல். ஸ்ட்ரோக்குக்கு 86 செ.மீ., 84 செ.மீ. பெரிய வித்தியாசமில்லை.

நேரம் போனது நீருக்கடியில். உதைத்த வேகத்தில் அந்த 3 மீட்டரை அவள் ஒன்றரை விநாடியில் கடந்திருப்பாள். மேலே நீந்தியதால் 4 ஸ்ட்ரோக், 2.7 விநாடி. காரணமும் வீடியோவில் இருக்கிறது: கடைசித் திருப்பத்துக்கு முந்தைய ஸ்ட்ரோக்குகளில் அவள் மூச்சே எடுக்கவில்லை. உதைத்ததும் காற்றுக்குத் தவித்து மேலே வந்து, முதல் ஸ்ட்ரோக்கிலேயே மூச்சு வாங்கினாள்.

எண்களையெல்லாம் பயிற்சியாளரிடம் கொடுத்தேன். அவளிடம் சொன்னது ஒன்றுதான்: "சுவருக்கு முன்னாடி ஒரு மூச்சு வாங்கிக்கோ கண்ணு. உதைச்சதும் ரெண்டு டால்ஃபின் கிக், அப்புறம் மேல வா."

ஒரே ஒரு பந்தயத்தின் கணக்கு இது. அடுத்த பந்தயத்திலும் எண்ணிப் பார்க்கவேண்டும். பெற்றோர்களே, கத்துவதை விடுங்கள். போனை அசைக்காமல், உங்கள் பிள்ளையின் லேன் கயிறும் தெரிகிறமாதிரி பிடியுங்கள்.