பெயரைப் பார்த்து அழிக்க வேண்டாம்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலின் ஆனித் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் படகேறுபவர்களில் கையில் கமரா இல்லாதவரைக் காண்பது இப்போது அரிது. அந்தப் படங்கள் நம்மைப் போன்ற ஆவணகங்களுக்கு வந்து சேரும் விதமும் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஒருவர் மெமரி கார்டைத் தருவார், இன்னொருவர் பழைய வன்தட்டைத் தருவார், மூன்றாமவர் முதலாமவரிடம் வாங்கிய பிரதியையே பென்டிரைவில் கொண்டுவருவார். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் இட்டபின், பெயரால் வரிசைப்படுத்தி, ஒத்த பெயர் கண்ட இடத்தில் ஒன்றை அழிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

கமராவின் எண்ணி DSC_9999 வரை போய் மறுபடி DSC_0001 இலிருந்து தொடங்கும். ஆகவே ஒரு DSC_0001.JPG கொடியேற்றமாகவும் மற்றது தேராகவும் இருக்கலாம். தமிழில் பெயரிட்டால் சிக்கல் கூடும். ‘கொடியேற்றம்’ என்பதில் ‘கொ’வின் உயிர்க்குறியை யுனிகோட்டில் U+0BCA என்ற ஒரே குறியாகவும் எழுதலாம், U+0BC6, U+0BBE என்ற இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு பெயர்கள் ஆகலாம், அதனால் ஒரே கோப்புறையில் இரண்டும் அருகருகே இருக்கக்கூடும். பாமினி காலத்து வன்தட்டிலோ அதே சொல் nfhbNaw;wk; என்று கிடக்கும். இவை மூன்றும் ஒரே படமா என்பதைப் பெயரிலிருந்து அறிய வழியில்லை.

செக்சம் பெயரைத் தொடுவதே இல்லை. கோப்பின் உள்ளே இருக்கும் பைட்டுகள் முழுவதையும் படித்து ஒரு நீண்ட எண்ணைத் தருகிறது. SHA-256 என்றால் அது 64 எழுத்துகளாகத் தெரியும். லினக்ஸில் ஒரே வரி போதும்:

```
find . -type f -size +0 -exec sha256sum {} + | sort | uniq -w64 --all-repeated=separate
```

ஒரே செக்சம் கொண்ட கோப்புகள் மட்டும் குழுக் குழுவாக வெளியே வரும். `-size +0` என்பதை விட்டுவிடக்கூடாது. வெற்றுக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் செக்சம் ஒன்றே. அது e3b0c442 என்று தொடங்கும். பாதியில் நின்றுபோன பிரதிகள் இப்படி வெற்றுக் கோப்புகளாக எஞ்சுவதுண்டு, அவை ஒன்றுக்கொன்று ‘இரட்டை’ என்று பட்டியலில் வந்து நிற்கும். கோப்புறை பெரிதானால் முதலில் அளவால் பிரித்து, அளவு ஒத்தவற்றுக்கு மட்டும் செக்சம் போட்டால் நேரம் மிச்சம். `fdupes` அதைத்தான் செய்கிறது. கடைசியில் பைட் பைட்டாகவும் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

கவனமாகப் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலில் வராத ஒன்றை. மெமரி கார்டில் உள்ள DSC_0412.JPG, வன்தட்டில் உள்ள DSC_0412.JPG இரண்டும் பெயரிலும் அளவிலும் பைட் பிசகாமல் ஒத்திருக்க, செக்சம் மட்டும் வேறாக இருந்தால், அநேகமாக ஒன்று கெட்டுப்போன பிரதி. இரண்டையும் முழு அளவில் திறந்து பார்த்தால் ஒன்றில் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவோ நிறம் பிசகியோ தெரியலாம். பெயரும் அளவும் போதுமென்று அழிப்பவர் நல்லதை அழித்துக் கெட்டதை வைத்துக்கொள்ள வாய்ப்பு சரிபாதி.

செக்சத்துக்குத் தெரியாதவையும் உண்டு. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் மீண்டும் சுருக்கப்படுவதால் அது புதுக் கோப்பு. மூலப் படத்தில் ஒரு தலைப்பை உட்பொதித்தாலே செக்சம் மாறிவிடும், படத்தில் ஒரு புள்ளிகூட மாறாதிருந்தாலும். அந்த இரண்டாவது வகைக்கு இமேஜ்மேஜிக்கின் `identify -format "%# %f\n" *.[jJ][pP][gG]` உதவும். அது படப்புள்ளிகளுக்கு மட்டும் செக்சம் போடுகிறது. அதற்கும் அப்பால் போய், ‘ஒத்துத் தெரியும்’ படங்களைக் கழிக்கும் மென்பொருளிடம் பொறுப்பைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதே கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கல்வெட்டை அடுத்தடுத்து எடுத்த படங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பக்கத்திலிருந்து வெளிச்சம் சற்றுச் சரிந்து விழுந்த படத்தில்தான் தேய்ந்த எழுத்து பிடிபடும். செக்சம் அவற்றை வேறென்றே சொல்லும், அது சரிதான்.

எந்தச் செக்சம் என்று கேட்பவர்களுக்கு: தற்செயலான மோதல் MD5இலும் நடைமுறையில் நடக்காது. வேண்டுமென்றே செய்த மோதல் வேறு விடயம். 2017இல் ஒரே SHA-1 கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகள் வெளியிடப்பட்டன. அவற்றைச் சோதனைக்காகச் சேர்த்தபோது வெப்கிட் திட்டத்தின் சப்வெர்ஷன் களஞ்சியமே இடறியது, ஏனெனில் அது SHA-1ஐ வைத்து இரட்டைகளைக் கழித்துவந்தது. SHA-256க்கு அப்படியொரு மோதல் இதுவரை வெளிவந்ததில்லை, அதையே பயன்படுத்தலாம்.

இரட்டை என்று உறுதியானபின் எதை வைப்பது? எந்தப் பாதை கொடுத்தவரைக் காட்டுகிறதோ அதை. மற்றதை அழிக்குமுன் அதன் முழுப்பாதை, பெயர், மாற்றிய திகதி, செக்சம் நான்கையும் ஓர் உரைக்கோப்பில் எழுதிவைக்க வேண்டும். ஒரே படம் மூவரிடம் இருந்தது என்பதும் ஆவணத் தகவல்தான். மீந்த கோப்புகளுக்கும் செக்சப் பட்டியல் ஒன்று எடுத்துவைத்தால், புதிய வன்தட்டுக்கு மாற்றிய அன்று `sha256sum -c` கட்டளையை ஓட்டி, FAILED என்று வரும் கோப்புகளைப் பழைய தட்டு கையில் இருக்கும்போதே மறுபடி பிரதி எடுத்துக்கொள்ளலாம்.