வாடகை ஒப்பந்தம் தமிழிலேயே இருக்கட்டும்

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அச்சாகி வருகிறது. தமிழில் எழுதித் தரக் கேட்டால், “அது செல்லாது” என்று தரகரே தீர்ப்பு சொல்லிவிடுகிறார். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, பதிவு அலுவலருக்குப் புரியாததும் அந்த மாவட்டத்தில் பொதுவாகப் புழங்காததுமான மொழியில் உள்ள ஆவணத்துக்குத்தான் மொழிபெயர்ப்பு கேட்கிறது. மதுரையிலும் கோவையிலும் தமிழுக்கு அந்தத் தடை எப்படி வரும்?

ஒப்பந்தம் எந்த மொழியில் என்ற கேள்வியைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டாக வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். மாத வாடகை 12,000 ரூபாய், முன்பணம் 1 லட்சம், ஒப்பந்தக் காலம் 11 மாதம். “காலி செய்வதானால் ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும்” என்கிறார் உரிமையாளர். ஆங்கிலத் தாளிலோ ‘லாக்-இன்’ என்ற தலைப்பில், 11 மாதமும் இருந்தாக வேண்டும், முன்னதாகப் போனால் மீதி மாத வாடகை முன்பணத்தில் கழிக்கப்படும் என்று இருக்கிறது. குடியிருப்பவர் ஆறாம் மாத முடிவில் வெளியேறினால், ஐந்து மாத வாடகை 60,000 ரூபாயை உரிமையாளர் கழிக்கப் பார்ப்பார். வாய்ப்பேச்சைச் சொல்லி வழக்காடுவது கடினம். எழுத்தில் உள்ள நிபந்தனைக்கு முரணான வாய்மொழிச் சாட்சியத்தைச் சாட்சியச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று வாதாடலாம். அதை நிரூபிக்கும் பொறுப்பு குடியிருப்பவர் தலையில் விழும்.

உரிமையாளர் ஆங்கிலத்தையே விரும்பினால் மொழிபெயர்ப்பு நகல் கேட்கலாம். ஆனால் தரகர் தனியாகத் தட்டச்சு செய்து தரும், யார் கையெழுத்தும் இல்லாத தமிழ்த்தாள் படித்துப் புரிந்துகொள்ளத்தான் உதவும், உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. இரண்டு பிரதிகளிலும் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். அந்த வரி ‘ஆங்கிலப் பிரதியே இறுதியானது’ என்று இருந்தால், தமிழ் நகல் கையில் இருந்தும் பாதுகாப்பு குறைவுதான். ஆகவே மூல ஒப்பந்தமே தமிழில் வேண்டும் என்பது முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டும், வக்கீல் வைத்திருக்கும் மாதிரி ஆங்கிலத்தில் இருக்கிறது என்று உரிமையாளர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவைதான். அவர்களுக்கு ஆங்கில நகல் தரலாம். வாடகையைக் கட்டி அந்த நிபந்தனைகளுக்குள் வாழப்போகிறவருக்குத் தெரிந்த மொழியில் மூலம் இருப்பதே நியாயம்.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் வைக்கச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த ‘வேறு உடன்பாடு’ தனக்குப் புரியாத ஒரு வரியில் ஒளிந்திருந்தால், சட்டம் தரும் காப்பையே ஒருவர் அறியாமல் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். முன்பணம் கைமாறுவதற்குள் வரைவை வாங்கிப் படியுங்கள். பணம் போனபின் பேரம் பேசும் பலம் இருக்காது.