சுவரில் எழுதும் ஒரு வரி

அக்டோபர் 10 உலக மனநல நாள். அதை உலக மனநலக் கூட்டமைப்பு 1992-இல் தொடங்கிவைத்தது. அந்த நாளையொட்டி நம் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் விழிப்புணர்வு வாரம் நடத்துகின்றன. பேரணி கலைந்து, கருத்தரங்கு முடிந்த பிறகும் சுவரில் சில மாதங்கள் நிற்பது அந்த வாரத்துக்காக எழுதப்பட்ட வாசகம்தான். அந்த ஒரு வரியில் என்ன இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பதற்கு முக்கால் நூற்றாண்டு அனுபவம் சாட்சி சொல்கிறது.

முதல் பாடம் ஒரு தோல்வியிலிருந்து வந்தது. 1951-இல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், ஜான் கம்மிங் என்ற மனநல மருத்துவரும் சமூகவியலாளரான அவர் மனைவி எலைனும் ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் பிரசாரம் செய்தார்கள். படம் காட்டினார்கள், கூட்டம் போட்டார்கள், வானொலியிலும் பேசவைத்தார்கள். மனம் நலமாக இருப்பவர், நோயுற்றவர் என்று இரண்டு சாதி கிடையாது, எல்லோரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறோம் என்பதே அவர்கள் சொல்ல வந்ததன் சாரம். தொடக்கத்தில் நன்றாக உபசரித்த ஊர், போகப் போக முகம் திருப்பிக்கொண்டது. பிரசாரத்துக்குப் பின் மக்கள் மனநிலையை அளந்து பார்த்தபோது, நோயுற்றவரோடு பழகும் விருப்பம் கூடவே இல்லை. கடைசியில் ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். 1957-இல் அத்தம்பதி இதை நூலாகவே எழுதினர்.

பிந்தைய பிரசாரங்கள் வேறு வழியில் போயின. 'இதுவும் மற்ற நோய்களைப் போல ஒரு நோய்தான்' என்பது பல நாடுகளின் வாசகமானது. அமெரிக்காவில் 1996-லும் 2006-லும் எடுத்த கணக்கெடுப்புகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். மூளையில் ஏற்படும் மாற்றமே காரணம் என்று நம்புவோர் கூடியிருந்தனர், சிகிச்சை வேண்டும் என்போரும் கூடியிருந்தனர். ஆனால், அப்படி ஒருவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் ஏற்போமா என்ற இடத்தில் தயக்கம் குறையவில்லை. நோயைப் பற்றிய அறிவு வளர்ந்தது, மனிதரோடு இருந்த தூரம் அப்படியே நின்றது.

நமக்கு இந்தத் தூரம் புதிதல்ல. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1871-இல் தொடங்கிய மருத்துவமனையின் பெயர்ப்பலகை காலத்துக்கேற்ப மாறிவந்திருக்கிறது. ஊர்ப்பெயரை வைத்துச் செய்த கேலியோ சினிமாவிலும் தெருவிலும் நெடுங்காலம் ஓடியது. ஒருவரை எந்தப் பெயரால் குறித்தாலும், அந்தப் பெயர் சீக்கிரமே அவர் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. மருத்துவர் அறையில் நோய்க்குப் பெயர் வேண்டும், பெயர் இல்லாமல் மருந்து இல்லை. சுவருக்கு அது வேண்டியதில்லை.

அப்படியானால் சுவரில் எதை எழுதுவது? இதற்கு விடை மனநலத் துறைக்கு வெளியிலிருந்து கிடைத்தது. 1965-இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி ஓர் ஆய்வு நடந்தது. நோயின் கொடுமையை மிரட்டும் படங்களோடு சொன்னபோது பலரும் ஊசி அவசியம் என்று ஒப்புக்கொண்டார்கள், போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். இன்னொரு குழுவுக்கு, சுகாதார நிலையத்தை வட்டமிட்டுக் காட்டும் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, எந்த நேரத்தில் போகலாம் என்று யோசித்துவைக்கச் சொன்னார்கள். அவர்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் போய்ப் போட்டுக்கொண்டார்கள். அந்த இடம் எங்கே என்பது இறுதியாண்டு மாணவர்களான அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்ததையே ஒரு காலடி அளவுக்குச் சுருக்கிக் காட்டியதால்தான் கால் நகர்ந்தது.

மனநலத்தில் அந்தக் காலடி எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மருத்துவர் 1969-இல் தொடங்கிய ஆய்வு அதற்குப் பதில் தருகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடோ கடும் சோர்வோடோ மருத்துவமனைக்கு வந்து, வீடு திரும்பியபின் தொடர்சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 843 பேர். அவர்களில் குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு ஐந்தாண்டுகளில் 24 சிறு கடிதங்கள் போயின. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவுதான் செய்தி. நோயின் பெயரும் இல்லை, வரச்சொல்லி வற்புறுத்தலும் இல்லை. முதல் இரண்டாண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. கடிதங்கள் நின்றபின் அந்த வித்தியாசம் மெல்லத் தேய்ந்து, 14-ஆம் ஆண்டில் மறைந்துவிட்டது.

இதற்கு நம் பக்கத்திலும் சான்று உண்டு. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. சென்னையும் கொழும்பும் அதன் களங்களில் அடக்கம். ஒரு பாதியினரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை, தொலைபேசியிலோ நேரிலோ, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 18 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் இருவர். வேறு இடங்களில் பின்னர் நடந்த சோதனைகள் எல்லாம் இதே அளவு பலன் காட்டவில்லை. இருந்தாலும் இவ்வளவு மலிவான, இவ்வளவு எளிதான வேறொரு காரியத்தைத் தேடிப்பிடிப்பது கடினம்.

இனி வாசகத்தை எழுதிப் பார்ப்போம். 'மனநோயை வெல்வோம்' என்றால் பெயரும் போரும் இருக்கின்றன, படிப்பவர் செய்ய ஒன்றுமில்லை. 'மனம் கனக்கிறதா? வாய் திறந்து பேசுங்கள்' என்பது மேல். ஆனால் எழுந்து குளிக்கவே தெம்பில்லாத ஒருவர் தலையில் அந்த முதல் வேலையை ஏற்றுகிறது. யாரிடம் பேசுவது என்றும் சொல்லவில்லை. கடைசியாகச் சொன்ன இரண்டு ஆய்வுகளிலும் முதலில் கை நீட்டியவர் துன்பப்பட்டவர் அல்லர், அடுத்தவர். வாசகமும் அடுத்தவரைப் பார்த்தே பேச வேண்டும்.

என் பரிந்துரை இது: 'பாரம் குறையும். இன்று ஒருவரிடம் கேளுங்கள்: ராத்திரி தூங்கினீங்களா?'

நம்பிக்கை இரண்டே சொல்லில் இருக்கிறது. குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காததால் அது பொய்யும் ஆகாது. செய்ய வேண்டியது ஒரு கேள்வி, செய்ய வேண்டிய நாள் இன்று. தூக்கத்தைப் பற்றி அம்மாவும் கேட்கலாம், மேஸ்திரியும் கேட்கலாம், யாருக்கும் அவமானமில்லை. மனம் கலங்கும்போது பெரும்பாலும் முதலில் கெடுவதும் தூக்கம்தான், அதனால் பதிலில் விஷயம் இருக்கும். 'இல்லீங்க, பத்து நாளா இல்ல' என்று பதில் வந்தால் அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொள்ள வேண்டும், இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். வாசகத்தின் கீழே 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கட்டும். 2022 அக்டோபர் 10 முதல் இந்தியா முழுக்க இயங்கும் கட்டணமில்லாச் சேவை அது, தமிழிலும் பேசலாம்.

வாசகம் மருந்தாகாது. மாவட்ட மருத்துவமனையில் மருத்துவரும் மாத்திரையும் இல்லாவிட்டால் எந்தச் சுவரும் அதை ஈடுகட்டாது. மோட்டோவின் கடிதங்கள் நின்றபின் பலன் தேய்ந்ததையும் மறக்கக் கூடாது. எனவே வாரம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: பேனருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களை ஆண்டு முழுதும் அழைத்து விசாரிக்கும் ஒருவரின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள்.

வாசகருக்குச் சொல்ல ஒன்றுதான். இன்று ஒருவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.